அந்த 14 நாளுக்குள் எட்டிப் பார்த்தேன்!

காலை ஆறே முக்கால். கோவைக்கு வெளியே, பைபாஸை ஒட்டிய ஒரு ஆட்டோ ஸ்பேர்ஸ் குடோன். ஷட்டரைத் தூக்கியதும் ரப்பர், கிரீஸ், புது அட்டை எல்லாம் கலந்த ஒரு வாசனை முகத்தில் வந்து மோதியது. எனக்குப் பிடித்த வாசனை அது. உள்ளே நுழைந்து பத்தடி வைப்பதற்குள் தேடி வந்த பொருள் காலில் தட்டுப்பட்டுவிட்டது. ஒரு பழுப்பு அட்டைப்பெட்டி. அதன் மேல் சாக்பீஸால் பெரிதாக ‘12’ என்று எழுதியிருந்தது. அன்று தேதி 16.

“உள்ளே என்னண்ணா?”

“கிளட்ச் பிளேட்டுங்க. பூனாவுல இருந்து வந்தது. இதே பிளேட்டைத்தான் பொள்ளாச்சிக் கடைக்காரர் மூணு நாளா போன் போட்டுக் கேட்டுட்டிருக்காரு.”

“குடுக்கலையா?”

“கம்ப்யூட்டர்ல ஸ்டாக் இல்லைன்னு காட்டுதுங்களே” என்றார் ஸ்டோர் கீப்பர் அண்ணன். சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார்.

பில் போடும் மேஜையிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். பூனாவிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை நான்கு நாளில் கடந்து வந்த பெட்டி, மிச்சமிருந்த பன்னிரண்டு அடியைக் கடக்க நான்கு நாளாகியும் முடியாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்காத குறைதான்! நான் அங்கே போனதே இப்படி ஒரு பெட்டியைப் பிடிக்கத்தான்.

விஷயம் இதுதான். இந்தக் குடோன் முதலாளிக்கு ஒரு பெரிய மனக்குறை. கிளட்ச் பிளேட் தீரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து, புதுச் சரக்கு விற்கிற நிலைக்கு வரும்வரை சராசரி 14 நாள் ஆகிறது. அந்த 14 நாளுக்கும் தாங்குகிற மாதிரி சரக்கு வாங்கிப் போட்டு வைக்க வேண்டும். பணம் முடங்குகிறது, அப்படியும் சில நாள் தட்டுப்பாடு வருகிறது. “பூனா தூரமுங்க, அதான்” என்பது அவருடைய முடிவு. எக்ஸ்பிரஸ் பார்சலுக்கு மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாடகை இரண்டு மடங்குக்கு மேல். மாறுவதற்கு முன்னால் அந்த 14 நாளையும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தோம்.

ஒரு மேஜை, நான்கு டீ, கடைசி 60 ஆர்டர்களின் காகிதங்கள். எனக்கு இதைவிடப் பெரிய திருவிழா கிடையாது!

லீட் டைமை நான்கு துண்டாக வெட்டினோம். ஸ்டாக் குறைந்து ஆர்டர் போட வேண்டிய அளவைத் தொட்ட நாளிலிருந்து, சரக்கு அங்கே லாரியில் ஏறும் நாள் வரை முதல் துண்டு. அதை ஆர்டர் வேலை என்று வைத்துக்கொள்வோம். லாரியில் ஏறியதிலிருந்து நம் கேட்டுக்கு வரும்வரை பயணம். கேட்டிலிருந்து இறக்கி, எண்ணி, பில்லோடு சரிபார்த்து முடிக்கும்வரை வரவு. சரிபார்த்த பெட்டி ரேக்கில் ஏறி, அதன் ரேக் எண் கம்ப்யூட்டரில் பதிவாகி, பில் போடத் தயாராகும்வரை அடுக்குதல்.

முதல் துண்டு எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். பலரும் ஆர்டர் மெயில் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுவார்கள். அப்படி எண்ணினால், மெயில் அனுப்பும் முன் நம் மேஜையிலேயே தூங்கிய நாட்கள் கணக்கிலேயே வராது. வாடிக்கையாளர் அந்த நாட்களிலும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆக நமக்கு வேண்டியவை ஐந்து தேதிகள். ஸ்டாக் குறைந்த தேதி கம்ப்யூட்டரில் இருந்தது. லாரியில் ஏறிய தேதி எல்.ஆர். ரசீதில் இருந்தது. கேட்டுக்கு வந்த தேதி, செக்யூரிட்டி ஐயாவின் நீளமான நோட்டில் லாரி நம்பரோடு, மணியோடு, முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. அந்த நோட்டைப் புரட்டியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சரிபார்த்த தேதிக்கு ஜி.ஆர்.என். எனப்படும் சரக்கு வரவுச் சீட்டு. ரேக் எண் பதிவான தேதியும் கம்ப்யூட்டரிலேயே.

கம்ப்யூட்டரில் பதிவு போடும் அக்கா கணக்கைப் போட்டுத் தந்தார். கம்ப்யூட்டர்படி வரவுக்குச் சராசரி 5 நாள், அடுக்குதலுக்குச் சில நிமிடம். முதலாளி உடனே திரும்பி, சரக்கைச் சரிபார்க்கும் இரண்டு பையன்களைப் பார்த்தார். பையன்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஒரு முழுப் பெட்டியைச் சில நிமிடத்தில் ரேக்கில் ஏற்றி, எண்ணையும் பதிவது நடக்கிற காரியமா? ஜி.ஆர்.என். நேரங்களை மட்டும் வரிசையாக அடுக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரே சனிக்கிழமை, மாலை ஆறு மணியை ஒட்டி, 37 சீட்டுகள்! இன்னொரு சனிக்கிழமையும் அப்படியே. புதன்கிழமை மாலைகளிலும் ஒரு சின்னக் கொத்து. அக்கா சிரித்துவிட்டார். “ரேக் நம்பர் வந்தாத்தானே சீட்டை முடிக்க முடியும்? அதனால எல்லாத்தையும் சேர்த்து வெச்சு புதனும் சனியும் ஒரே மூச்சா ஏத்திருவேனுங்க.”

இரண்டு தேதியும் ஒரே மூச்சில் பதிவானவை. ஆகவே வரவு எங்கே முடிந்தது, அடுக்குதல் எங்கே தொடங்கியது என்பது கம்ப்யூட்டருக்கே தெரியாது. ஒரே நேரத்தில் கொத்தாக விழும் பதிவுகளைக் கண்டால், அந்தத் தேதி வேலை நடந்த தேதியல்ல, டைப் அடித்த தேதி என்று புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கணக்கில் ஆள் ஏமாறுகிற முதல் இடம் இதுதான்.

அப்படியானால் உண்மையான தேதி எங்கே? சாக்பீஸ்! பெட்டியை எண்ணி முடித்ததும் பையன்கள் அதன் மேல் தேதி எழுதுகிறார்கள். யாரும் சொல்லித் தந்ததல்ல, அவர்களாகவே வைத்துக்கொண்ட பழக்கம். அந்த ‘12’ அதுதான். தரையிலும் ரேக்கிலும் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தேதிகளைக் குறித்துக்கொண்டு, கேட் நோட்டோடு பொருத்தினோம். பெட்டி காலியாகிப் போன ஆர்டர்களுக்கு, பையன்கள் டிக் அடித்து வைத்த பில் நகலில் தேதி கிடைத்தது. உண்மைக் கணக்கு வெளியே வந்தது. வரவு 2 நாள். அடுக்குதல் 3 நாள். பையன்கள் மேல் பழியே இல்லை. அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இப்போது 14 நாளும் கண் முன்னே. ஆர்டர் வேலை 5, பயணம் 4, வரவு 2, அடுக்குதல் 3.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூனாவில் கிளம்பி, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம் வழியாக இறங்கும் பாதை. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அவகாசம் தருகிறது. அந்தக் கணக்கில் 1,200 கிலோமீட்டருக்கு 6 நாள் கிடைக்கும். லாரியோ சராசரி 4 நாளில் வந்துவிடுகிறது, கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். எல்லோரும் திட்டிய துண்டு, இருக்கிற நான்கிலேயே சொன்ன சொல் மாறாத துண்டுகளில் ஒன்று.

சுவாரசியம் ஆர்டர் வேலையில்தான் ஒளிந்திருந்தது. சராசரி 5 நாள் என்கிறோமே, 5 நாளில் முடிந்த ஆர்டரைத் தேடினால் ஒன்றிரண்டுதான் அகப்பட்டன! சில ஆர்டர்கள் 3 நாளில் போயிருந்தன, சில 7 நாளை இழுத்திருந்தன, நடுவில் பள்ளம். சராசரி என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவே ஆளில்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு துண்டில் இப்படி இரண்டு மேடு தெரிந்தால், உள்ளே இரண்டு வேறு கதைகள் ஓடுகின்றன என்று பொருள். கிழமையைப் பக்கத்தில் எழுதியதும் கதை பிடிபட்டது. ஆர்டர் பட்டியலில் முதலாளி கையெழுத்துப் போடுவது திங்கட்கிழமை காலையில் மட்டும். வார இறுதியில் ஸ்டாக் குறைந்த பொருளுக்கு உடனே கையெழுத்துக் கிடைத்துவிடும். செவ்வாயன்று குறைந்த பொருள் அடுத்த திங்கள் வரை காத்திருக்கும். அதோடு பூனா கம்பெனி மதியம் இரண்டு மணிக்குமேல் வரும் ஆர்டரை மறுநாள் கணக்கில்தான் சேர்க்கும். நம் மெயில் போனதோ பெரும்பாலும் மாலை ஐந்துக்கு. அதிலே சும்மா ஒரு நாள் காலி.

சரி, இந்த நான்கில் எதைக் குறைப்பது? எல்லோரும் மிக நீளமான துண்டின் மேல் பாய்வார்கள். நீளத்தை மட்டும் பார்த்தால் பாதி உண்மைதான் தெரியும். மறுபாதி, அந்தத் துண்டு எவ்வளவு ஆடுகிறது என்பது. கையிருப்பில் ஒரு பகுதி, வழக்கமாக ஆகிற நாட்களுக்காக வைப்பது. இன்னொரு பகுதி, வழக்கம் தவறினால் சமாளிக்க வைப்பது. இந்த இரண்டாவது பகுதிதான் சேஃப்டி ஸ்டாக். அதைத் தீர்மானிப்பதில் நாட்களின் நீளத்துக்குக் கொஞ்சம் பங்கு, நாட்களின் ஆட்டத்துக்கு மிகப் பெரிய பங்கு.

60 ஆர்டர்களில் ஒவ்வொரு துண்டும் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தோம். ஸ்டாண்டர்ட் டீவியேஷன் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். ஆர்டர் வேலை 2 நாள், பயணம் 1, வரவு 1, அடுக்குதல் 2.

இந்த ஆட்டங்களை நேராகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தித்தான் கூட்ட வேண்டும். 4, 1, 1, 4. மொத்தம் 10. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.2 நாள். வர்க்கம் என்று வந்துவிட்டாலே பெரிய ஆட்டம் சின்ன ஆட்டத்தை விழுங்கிவிடும். பயணத்தின் ஆட்டத்தை நாம் மந்திரம் போட்டு முழுதாக ஒழித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 என்பது 9 ஆகும், 3.2 என்பது 3 ஆகும். அவ்வளவுதான்! அடுக்குதலின் ஆட்டத்தை 2 நாளிலிருந்து அரை நாளுக்குக் கொண்டுவந்தாலோ, 10 என்பது 6.25 ஆகிவிடும். வர்க்கமூலம் 2.5 நாள். முதன்முதலில் இந்தக் கணக்கு பிடிபட்டபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றும் குறையவில்லை.

கிளட்ச் பிளேட் ஒரு நாளைக்குச் சராசரி 40 விற்கிறது, அதன் ஆட்டம் 12. 95 சதவீத நம்பிக்கைக்கு z என்பது 1.65. எல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்:

```
SS = z × √(L × σd² + d² × σL²)
```

L லீட் டைம் நாட்கள், d ஒரு நாள் விற்பனை, σd விற்பனையின் ஆட்டம், σL லீட் டைமின் ஆட்டம். இருக்கிற நிலைமையைப் போட்டால் சேஃப்டி ஸ்டாக் 221 பிளேட். இப்போது முதலாளியின் ஆசைப்படி எக்ஸ்பிரஸுக்கு மாறிப் பயணத்தை 4 நாளிலிருந்து 2 நாளாக்குவோம். மறுபடி போட்டார் அக்கா. 220.

“ஒரே ஒரு பிளேட்டா?” என்றார் முதலாளி.

ஒரே ஒரு பிளேட்! ஆட்டம் மாறவில்லையே, நீளம்தானே குறைந்தது. நியாயமாகச் சொன்னால் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு நாள் குறைந்ததால், அந்த இரண்டு நாள் விற்பனைக்காக வைக்கும் 80 பிளேட்டும் மிச்சம். அதற்கு அவர் வருஷம் முழுக்க இரட்டை வாடகை கட்ட வேண்டும்.

அடுத்தது, பயணத்தைத் தொடாமல் அடுக்குதலை மட்டும் 3 நாளிலிருந்து 1 நாளாக்கி, அதன் ஆட்டத்தை அரை நாளாக்கிப் பார்த்தோம். சேஃப்டி ஸ்டாக் 179. நாட்கள் குறைந்த வகையில் அதே 80 பிளேட்டும் மிச்சம். வாடகை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

முதலாளி நம்பத் தயங்கினார். போன மாதம் அவசரத்துக்கு எக்ஸ்பிரஸில் வரவழைத்த சில பார்சல்கள் இருந்தன. அவற்றின் காகிதங்களை எடுக்கச் சொன்னார். இரண்டு நாள் முன்னாடியே வந்திருந்தன, கேட் நோட்டு சாட்சி. வந்து? அந்த வாரச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் விற்பனைக்குத் தயாராகியிருந்தன, சாதா லாரியில் வந்த சரக்கோடு சரக்காக! காசு கொடுத்து வாங்கிய இரண்டு நாளை அடுக்குதல் அப்படியே விழுங்கியிருந்தது. கணக்கில் இருந்த அந்த 80 பிளேட் லாபம்கூட நிஜத்தில் வரவில்லை. பின்னால் ஒரு துண்டு வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் கதவைத் திறக்கும் என்றால், முன்னால் உள்ள துண்டை எவ்வளவு சுருக்கினாலும் அது கதவு வாசலில் போய் நிற்கத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வர்க்கங்களைக் கூட்டும் வித்தை, நான்கு துண்டும் ஒன்றையொன்று பாதிக்காமல் ஆடும்போதுதான் சரியாக வரும். இங்கே மாசக் கடைசியில் கம்பெனிகள் தங்கள் விற்பனை இலக்கை எட்ட எல்லாச் சரக்கையும் ஒன்றாக அனுப்பிவிடும். லாரிகள் வரிசை கட்டும், சரிபார்ப்பும் தாமதமாகும், அடுக்குவதும் தாமதமாகும். இரண்டும் சேர்ந்தே ஆடும். ஆகவே 60 ஆர்டர்களின் மொத்த நாட்களையும் தனியாக எடுத்து, அதன் ஆட்டத்தை நேரடியாகவும் அளந்து பார்த்தோம். 3.2 அல்ல, 3.4 வந்தது. கொஞ்சம்தான் வித்தியாசம், எங்கள் முடிவு மாறவில்லை. வித்தியாசம் பெரிதாக வந்திருந்தால், துண்டுகளை விட்டுவிட்டு அந்த மாசக் கடைசி நெரிசலைத்தான் முதலில் பார்த்திருப்போம்.

அடுத்த நாள் முழுக்க நான் அந்த 12-ஆம் தேதிப் பெட்டியின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெட்டி ஏன் நகரவில்லை என்று பெட்டியிடமிருந்தே தெரிந்துகொள்ள ஆசை!

பகல் பதினோரு மணிக்கு ஒரு பையன் அதைத் தூக்கினான். மூன்றாவது வரிசை ரேக் வரை கொண்டுபோனான். அந்தப் பிளேட்டுக்கென்று ஒதுக்கிய தட்டு நிரம்பி வழிந்தது. நிரம்பியிருந்தது அதே பிளேட்டால் அல்ல. பக்கத்துத் தட்டின் பிரேக் லைனிங் இங்கே குடியேறியிருந்தது. பையன் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தான். மதியம் ஒன்றரைக்கு இன்னொருவன் தூக்கினான். ரேக் வரை போனான். திரும்பி வந்தான். மூன்று மணிக்குமேல் யாரும் தொடவே இல்லை. மூன்றிலிருந்து ஆறரை வரை ஊர்க் கடைகளுக்குச் சரக்கு எடுத்துக் கட்டி வண்டியேற்றும் நேரம். எடுத்துக் கொடுப்பதும் அடுக்குவதும் அதே நான்கு பேர்தான். வாசலில் வண்டி ஹாரன் அடிக்கும்போது யார் அடுக்குவார்கள்? ஒரே நாளில் அந்தப் பெட்டி இரண்டு தடவை ரேக் வரை போய்விட்டு வந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

செய்த மாற்றங்கள் எளியவை. காலை எட்டிலிருந்து பத்து வரை இரண்டு பேர் அடுக்குவதைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. தட்டு நிரம்பியிருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. மேல் ரேக்கில் காலியாக உள்ள எந்தத் தட்டிலும் வைத்துவிட்டு, அந்த எண்ணைப் பெட்டிமேலும் சீட்டிலும் எழுதிவிட வேண்டும். அக்கா புதன், சனி என்று காத்திராமல் தினமும் பத்தரைக்குப் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரர் கேட்டுக் காத்திருக்கும் பொருள் என்றால், கேட்டில் இறங்கும்போதே சிவப்பு ஸ்டிக்கர். அது ரேக்குக்கே போகாமல் எண்ணி முடித்ததும் நேராக வண்டிக்குப் போகும்.

ஆர்டர் வேலைக்கு முதலாளி தானே முன்வந்தார். தினமும் காலை பதினோரு மணிக்குக் கையெழுத்து, பன்னிரண்டுக்குள் மெயில். அதில் அவருக்குத் தினமும் பத்து நிமிடம் கூடுதல் வேலை. 5 நாள் 3 ஆனது, 2 நாள் ஆட்டம் 1 ஆனது. இதில் ஒரு எல்லையும் உண்டு. பழைய பில் பாக்கி இருந்தால் பூனாவின் கம்ப்யூட்டர் புது ஆர்டரை நிறுத்தி வைத்துவிடும். அந்த நாட்களைக் கையெழுத்தால் குறைக்க முடியாது, பணத்தால்தான் குறைக்க முடியும்.

இரண்டும் சேர்ந்து லீட் டைம் 10 நாள், சேஃப்டி ஸ்டாக் 134. முன்பெல்லாம் கையில் இருப்பது 781 பிளேட்டுக்குக் குறைந்ததுமே ஆர்டர் போட வேண்டியிருந்தது. இப்போது 534 வரை பொறுக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். முதலாளியின் மேஜையில் ஒரு புதுக் காகிதம். ஆர்டர் 3, பயணம் 4, வரவு 2, அடுக்குதல் 1. அடுக்குதலைத் தவிர மற்ற மூன்றின் ஆட்டமும் இப்போது ஒரே அளவு. “இனிமே பயணத்தைப் பாக்கலாமுங்களா?” என்று கேட்டார். பார்க்கலாம்! முன்பு அங்கே குறைத்த நாள் வாசலில் கிடந்து வீணானது. இப்போது குறைக்கும் ஒவ்வொரு நாளும் ரேக் வரை வந்து சேரும். வாடகைக்கும் 80 பிளேட்டுக்கும் உள்ள கணக்கை இந்தத் தடவை நேர்மையாகப் போட்டுப் பார்க்கலாம்.

கிளம்பும்போது ஸ்டோர் கீப்பர் அண்ணன் கையைப் பிடித்து மூன்றாவது வரிசைக்குக் கூட்டிப் போனார். தட்டில் ஒரு பழுப்புப் பெட்டி. மேலே சாக்பீஸில் ‘9’. பக்கத்திலேயே ரேக் எண், அதற்குக் கீழே பதிவான தேதி, அதுவும் 9. பெட்டி பாதிக்குமேல் காலி.

“பொள்ளாச்சிக்குப் போயிருச்சுங்க” என்றார்.